தரகர் தன்னைப் பற்றி என்ன எழுதலாம்?

'நேர்மையே எங்கள் மூலதனம். இருபது ஆண்டு அனுபவம். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் நம்பிக்கை.' வீட்டுத் தரகர்களின் அறிமுகக் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. வாழ்நாள் சேமிப்போடு மனை தேடி வருபவர் இதில் எதைச் சரிபார்க்க முடியும்?

மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் தொழில் செய்யும் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 2015 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்த பகுதி அது. "முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மட்டும் மனை, தனிவீடு விற்றுத் தருகிறேன். 2015இல் எந்தத் தெருவில் எந்த அளவுக்குத் தண்ணீர் நின்றது என்பதை இடத்தைக் காட்டும் முன்பே சொல்லிவிடுவேன். அடுக்குமாடி வீடுகளில் எனக்குப் பழக்கமில்லை." இதைப் படிப்பவர் அந்தத் தெருவில் நாலு வீட்டில் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன கடைசி வரி, முதல் இரண்டையும் நம்பவைக்கிறது.

முடித்துக்கொடுத்த விற்பனைகளை எண்ணிக்கையாகச் சொல்வதைவிட, ஒன்றை விவரமாகச் சொல்வது மேல். "அரை கிரவுண்டு மனை. பத்திரம் காலமான தந்தையின் பெயரில் இருந்தது. மூன்று வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அவர் அனுப்பிய பவர் பத்திரத்துக்கு இங்கே முத்திரைத் தீர்வை கட்டும்வரை, அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொன்னேன். பத்திரப் பதிவுக்கு ஐந்து மாதம் ஆனது." இதில் தற்புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இவர் வாரிசுகளின் கையெழுத்தைக் கவனிப்பவர், கமிஷனுக்காக அவசரப்படுத்தாதவர் என்று படிப்பவருக்கே புரிந்துவிடும். தாமதத்தை மறைக்காததால் மற்றதும் நம்பும்படி இருக்கிறது. இப்படி எழுதும்போது பெயர், கதவு எண், விலை வேண்டாம். சின்னத் தெருவில் ஆண்டைக் குறிப்பிட்டாலே ஆள் தெரிந்துவிடும். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் அவசியம்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பெற்ற பதிவு எண்ணையும் தரலாம். தமிழ்நாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவர் என்பதற்கு மட்டுமே அது சான்று. நல்லவர் என்பதற்கு அல்ல. கமிஷன் எத்தனை சதவீதம், விற்பவரிடமா வாங்குபவரிடமா அல்லது இருவரிடமுமா என்பதையும் எழுதிவிட வேண்டும். பின்னால் வரும் மனக்கசப்புகளில் பாதி இதைச் சொல்லாமல் விடுவதால்தான்.

'வில்லங்கமே இல்லை என்பதற்கு நான் பொறுப்பு' என்ற வாக்குறுதியை மட்டும் எழுதவே கூடாது. பதிவான பரிவர்த்தனைகள்தான் வில்லங்கச் சான்றில் வரும். பதிவாகாத ஒப்பந்தமும் குடும்பத்தார் வாய்மொழியாகக் கோரும் பங்கும் வராது. "தாய்ப்பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களை முதலிலேயே தருகிறேன். உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்" என்று எழுதினால் போதும்.