ஒரே மாதத்தை ஆயிரம் முறை ஓட்டிப் பார்ப்பது

அடுத்த மாதம் விற்பனை 5 லட்சம் ரூபாய், செலவு 4.4 லட்சம், லாபம் 60,000 என்று ஒரு சிற்றுண்டிக் கடையின் கணக்கு சொல்வதாக வைத்துக்கொள்வோம். இந்த 60,000 எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வரம்பு கொடுத்து, அதற்குள் ஏதோ ஓர் எண்ணை எக்செல்லே எடுக்கும்படி செய்யலாம். 1940களில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்டானிஸ்லா உலாமும் சக அறிஞர்களும் நியூட்ரான்களின் போக்கைக் கணிக்க உருவாக்கிய மான்டி கார்லோ முறைதான் இது.

விற்பனை 4 முதல் 6 லட்சம், செலவு 3.6 முதல் 5.2 லட்சம் என்று கொள்வோம். `RAND()` 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணைத் தரும். A2, B2, C2 கட்டங்களில் முறையே இவற்றை எழுத வேண்டும்:

```
=400000+RAND()*200000
=360000+RAND()*160000
=A2-B2
```

இந்த வரிசையை 1001-ஆம் வரிசை வரை இழுத்து நகலெடுத்தால், ஆயிரம் மாதங்கள் கிடைக்கும். நஷ்டம் வந்த மாதங்களின் பங்கைக் காண:

```
=COUNTIF(C2:C1001,"<0")/1000
```

விடை 0.22-ஐ ஒட்டி வரும். F9 விசையை அழுத்தும்போதெல்லாம் எண்கள் மாறும்; விடை பெரும்பாலும் 0.20-க்கும் 0.25-க்கும் இடையே ஆடும். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமானால் வரிசைகளைக் கூட்ட வேண்டும். பத்தில் ஒன்பது மாதங்களின் லாபம், சுமார் 63,000 நஷ்டத்திலிருந்து 1,83,000 லாபம் வரையிலான பரப்பில் விழும்.

ஐந்து மாதத்தில் ஒன்றுக்கு மேல் நஷ்டமா? கடைக்காரர் பதறுவதற்கு முன் சூத்திரத்தைப் பார்க்க வேண்டும். விற்பனையும் செலவும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே எடுக்கப்படுகின்றன. அதனால் 4 லட்சத்துக்கு மட்டுமே விற்ற மாதத்திலும் 5.2 லட்சம் செலவாகிவிடலாம். நடப்பில் விற்பனை குறைந்தால் அரிசியும் உளுந்தும் எண்ணெயும் குறைவாகத்தான் வாங்கப்படும். வாடகையும் சம்பளமும் 1.65 லட்சம், சரக்குச் செலவு விற்பனையில் 50 முதல் 60 சதவீதம் என்று B2-வை மாற்றி, 1001-ஆம் வரிசை வரை மீண்டும் நகலெடுத்துப் பார்க்கலாம்:

```
=165000+A2*(0.5+RAND()*0.1)
```

செலவின் வரம்பு ஏறக்குறைய முன்பு போலவே 3.65 முதல் 5.25 லட்சம்தான். ஆனால் நஷ்ட மாதங்கள் ஆயிரத்துக்கு நான்கு அளவில் சுருங்கிவிடும். மிக மோசமான மாதத்திலும் இழப்பு 5,000 ரூபாயைத் தாண்டாது. முதல் தாளில் தெரிந்த ஆபத்தில் பெரும்பகுதி, செலவை விற்பனையிலிருந்து பிரித்ததால் வந்தது.

இணைப்பு எதிர்த்திசையிலும் இருக்கலாம். காய்கறி விலை ஏறும் மழைக்காலத்தில் வாடிக்கையாளர் வரவும் குறையுமானால், அதையும் சூத்திரத்தில் சேர்க்க வேண்டும். அப்போது பரப்பு மறுபடி விரியும். A, B பத்திகளுக்கு `CORREL` போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. பழைய கணக்குப் புத்தகத்தில் விற்பனையும் செலவும் சேர்ந்தே ஏறி இறங்கியிருக்க, தாளில் அந்த எண் 0-வை ஒட்டி நின்றால், அந்தத் தாள் இந்தக் கடையுடையது அல்ல.