நிறம் சொல்லாததை வெப்பமானி சொல்லும்

கோழி வெந்துவிட்டதா என்று பார்க்க நம்மில் பலர் கத்தியால் கீறிப் பார்ப்போம். உள்ளே சிவப்பு தெரியாவிட்டால் அடுப்பை அணைத்துவிடுவோம். ஆனால், மஞ்சளும் மிளகாய்த்தூளும் ஊறிய இறைச்சியில் எது மசாலாவின் நிறம், எது வேகாத சதையின் நிறம் என்று பிரித்தறிவது கடினம். நன்றாக வெந்த இளங்கோழியிலும் எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு இருக்கலாம். வெளுத்துப்போன சதையிலோ சால்மொனெல்லா கிருமி இன்னும் உயிரோடு இருக்கலாம். நிறத்தைவிட நம்பகமானது உள்வெப்பநிலை. அதை அளக்க ஊசி போன்ற முனையுள்ள உணவு வெப்பமானி போதும்.

அமெரிக்க வேளாண்துறையின் பரிந்துரைப்படி, கோழியின் எந்தப் பாகமானாலும் உள்வெப்பநிலை 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். மீனுக்கு 63 டிகிரி. ஆட்டிறைச்சித் துண்டுக்கும் 63 டிகிரிதான். ஆனால், அடுப்பிலிருந்து எடுத்தபின் மூன்று நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்திலும் கிருமிகள் மடிந்துகொண்டிருக்கும்.

கொத்திறைச்சிக்கு மட்டும் 71 டிகிரி. ஆட்டிறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. அதனால் கட்லெட்டின் நடுப்பகுதியும் நன்றாகச் சூடேற வேண்டும். இத்தனை எண்களை நினைவில் வைப்பது சிரமம் என்றால், 75 டிகிரி என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்வதும் அதுதான்.

ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும்போது துண்டுகள் இந்த அளவை வெகு சீக்கிரம் தாண்டிவிடும். அதன்பிறகும் ஒரு மணி நேரம் வேகவைப்பது இறைச்சி மென்மையாவதற்காக. வெப்பமானி அதிகம் உதவுவது சுடும்போதும் பொரிக்கும்போதும்தான்.

கருவி கையில் இருந்தாலும் அதைக் குத்தும் இடம் தவறினால் எண்ணும் தவறாகும். எங்கள் பல்கலைக்கழக விடுதியில் கரி அடுப்பில் கோழித்தொடை சுட்டபோது நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு குவளை நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினோம். வெப்பமானியின் முனையைக் குவளையில் படாமல் நடுவில் பிடித்தபோது 0 டிகிரி காட்டியது. கருவி சரியாக இருக்கிறது என்று பொருள்.

தொடைகளின் வெளிப்புறம் கருகத் தொடங்கியதும், ஆகப் பெரிய தொடையை எடுத்தோம். தடித்த பகுதியில் பக்கவாட்டாக முனையைச் செருகினோம். எலும்பில் பட்டால் சதையின் வெப்பநிலை தெரியாது என்பதால் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டோம். நடுப்பகுதியைச் சற்றே கடக்கும்வரை செருகி, பிறகு மெல்ல வெளியே இழுத்தோம். வழியில் தெரியும் ஆகக் குறைந்த எண்தான் கணக்கு. அது 66 டிகிரி. பார்வைக்குத் தயாராக இருந்த தொடை உள்ளே இன்னும் வேகவில்லை. கரியின் ஓரத்துக்கு நகர்த்தி ஐந்து நிமிடம் மூடி வைத்தபின் 76 டிகிரி காட்டியது. அதன்பிறகு மற்றத் தொடைகளையும் ஒவ்வொன்றாக அளந்தோம். கரியின் சூடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது.

ஒவ்வொரு முறையும் முனையைச் சோப்புநீரில் கழுவினோம். 66 டிகிரியில் இருந்த சதையைத் தொட்ட முனையை அப்படியே வெந்த துண்டில் குத்தினால் கிருமியும் கூடவே போகும்.

முள்கரம் போன்ற கடிகார முகம் கொண்ட வெப்பமானி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் உணர்பகுதி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அவ்வளவும் இறைச்சிக்குள் இருந்தால்தான் சரியான எண் வரும். மீன் துண்டு, கட்லெட் போன்ற மெல்லியவற்றுக்கு முனையில் மட்டும் உணரும் மின்னியல் வகையே ஏற்றது. அதையும் மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் செருக வேண்டும்.

மீனைப் பொறுத்தவரை சிங்கப்பூருக்கு 2015ஆம் ஆண்டில் ஒரு பாடம் கிடைத்தது. கஞ்சியுடன் பச்சையாக உண்ணப்பட்ட நன்னீர் மீனிலிருந்து பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி பலரைத் தாக்கியது. அதே ஆண்டு, பச்சையாக உண்ணும் உணவுகளில் நன்னீர் மீன் தடைசெய்யப்பட்டது. அந்த மீன்களை நன்றாக வேகவைத்தால் கிருமி மடிந்துவிடும்.

ஆனால், வெப்பத்துக்கும் எல்லை உண்டு. கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களை வெயிலில் நெடுநேரம் வைத்தால் ஹிஸ்டமின் உருவாகும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. அந்த மீனில் வெப்பமானி 75 டிகிரி காட்டினாலும் அதைச் சாப்பிட முடியாது. வாங்கியது முதல் அடுப்பில் ஏறும்வரை மீனைக் குளிரில் வைத்திருப்பதுதான் அதற்கு வழி.