பிள்ளையின் கண்ணுக்கு இரவில் அட்ரோபின் துளி: பகல் வெளிச்சத்தில் கவனம்

பெற்றோர்களே, பிள்ளைக்குப் புத்தக எழுத்து தெளிவாகத் தெரிந்து, கரும்பலகை எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அது கிட்டப்பார்வையாக இருக்கலாம். பிள்ளை வளரும்போது கண் அளவுக்கு மீறி நீண்டுபோவதால் கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகும். இந்த ஏற்றத்தைக் குறைக்கவே கண் டாக்டர்கள் சில பிள்ளைகளுக்கு அட்ரோபின் துளியைக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள்.

"இதைப் போட்டா கண்ணாடி வேணாமா?" என்று கேட்பீர்கள். கண்ணாடி வேண்டும். ஏறிய பவர் இறங்காது. இனி ஏறுவதுதான் மெதுவாகும். ஹொங்கொங்கில் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. மருந்தில்லாத துளி போட்ட பிள்ளைகளுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 0.81 பவர் ஏறியது. 0.05 வீதத் துளி போட்டவர்களுக்கு ஏறியது 0.27 மட்டுமே. மைனஸ் 2இல் இருந்த பிள்ளை ஒருவருக்கு 2.75க்கு மேல் போவதற்கும், 2.25 அளவில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

படுக்கப்போகும் நேரத்தில் கையைக் கழுவுங்கள். கீழ் இமையை மெதுவாக இழுத்து, டாக்டர் சொன்ன கண்ணில் ஒரு துளி விடுங்கள். பிறகு கண்ணை மூடச்சொல்லி, மூக்கோரக் கண்மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்துங்கள். மருந்து தொண்டைக்குள் இறங்குவது குறையும்.

போத்தலில் உள்ள அளவை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். கண் சோதனைக்கும் வேறு நோய்களுக்கும் பயன்படும் 1 வீத அட்ரோபின், 0.05 வீதத்தைவிட 20 மடங்கு கடுமையானது. அதை வீட்டில் தண்ணீர் கலந்து குறைக்கவே கூடாது. கிருமி சேரும், அளவும் தவறும். போத்தல் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது. யாராவது குடித்துவிட்டால், அல்லது துளி போட்ட பிள்ளைக்கு முகம் சிவந்து, வாய் காய்ந்து, காய்ச்சலும் தடுமாற்றமும் கண்டால், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி வெளிச்சம். வெயிலில் சுருங்கவேண்டிய கண்பாவையை இந்த மருந்து கொஞ்சம் விரித்தே வைக்கும். மூடுபனியும் மரநிழலும் உள்ள தோட்டத்தில் இது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். லீவுக்கு மன்னார் தீவுக்கோ தலைமன்னார் கடற்கரைக்கோ போனால் தெரியும். அங்கே வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெள்ளை மணலிலும் கடல்நீரிலும் பட்டுக் கீழிருந்தும் கண்ணில் அடிக்கும். பிள்ளை கண்ணைச் சுருக்கும், கண்ணீர் வடியும், கையால் மறைக்கும். அகல விளிம்புத் தொப்பி போடுங்கள். அதோடு வெயிற்கண்ணாடியும் வேண்டும், ஏனென்றால் மணலிலிருந்து வரும் கூச்சத்தைத் தொப்பி தடுக்காது. உச்சி வெயிலில் நிழலில் விளையாடவிடுங்கள். அறைக்குள் பூட்டி வைக்கவேண்டாம். வெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் காக்க உதவும்.

தொப்பி போட்டும் கூச்சம் தாங்காவிட்டால், அல்லது பக்கத்தில் உள்ள எழுத்து மங்கினால், டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவேண்டாம்; நிறுத்தியபின் சில பிள்ளைகளுக்குப் பவர் மறுபடி வேகமாக ஏறும்.