டார்கெட் தாண்டினால் எந்த ரூபாய்க்கு இரட்டைக் கமிஷன்?

இன்சென்டிவ் கணக்கு வரும் நாளில் சேல்ஸ் ரெப்புகளுக்கும் ஏரியா மேனேஜருக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி, ஒரே வரியைப் பற்றியது: "100 சதவீதத்துக்கு மேல் 2 சதவீதம் கமிஷன்."

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். சோப்பு, சலவைத்தூள், ஷாம்பு என்று கடை கடையாக ஏறி ஆர்டர் எடுப்பவர் ஒருவர். மாத டார்கெட் 8 லட்சம் ரூபாய். அதில் 80 சதவீதம், அதாவது 6,40,000 ரூபாயைத் தொடாவிட்டால் கமிஷனே இல்லை. தொட்டுவிட்டால் முதல் ரூபாயிலிருந்து 1 சதவீதம். டார்கெட்டைத் தாண்டினால் 2 சதவீதம். இப்படி ஏறும் விகிதத்தைத்தான் கம்பெனிகள் ஆக்சிலரேட்டர் என்கின்றன.

அவர் அந்த மாதம் 10 லட்சத்துக்கு விற்றுவிட்டார். 2 சதவீதம் என்றால் 20,000 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டிருந்தார். வங்கியில் ஏறியது 12,000. "சார், எட்டாயிரம் குறையுதே?" என்று போன் போட்டால், "எட்டு லட்சத்துக்கு ஒண்ணு, மேல இருக்கிற ரெண்டு லட்சத்துக்குத்தான் ரெண்டு" என்று பதில் வருகிறது. 8 லட்சத்துக்கு 8,000, கூடுதல் 2 லட்சத்துக்கு 4,000. ஆக்சிலரேட்டர் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யும். தாண்டிய பகுதிக்கு மட்டும். மொத்த விற்பனைக்கும் உயர்ந்த விகிதம் தரும் திட்டங்களும் உண்டு. ஆகவே அவர் வாசித்ததில் தப்பில்லை. எழுதியவர் "தாண்டிய தொகைக்கு மட்டும்" என்ற மூன்று சொற்களை விட்டுவிட்டார்.

அடுத்த தகராறு, விற்பனை என்று எதை எண்ணுகிறார்கள் என்பதில். கடைக்காரருக்குப் போட்ட பில்லின் மொத்தத்தைக் கூட்டி ரெப் தன் கணக்கை வைத்திருப்பார். கம்பெனி பொதுவாக ஜிஎஸ்டியைக் கழித்த தொகையைத்தான் எடுக்கும். 18 சதவீத வரியுள்ள சரக்கு மட்டும் விற்றவர் 8 லட்சத்துக்குப் பில் போட்டிருந்தால், வரி போக நிற்பது சுமார் 6,78,000. டார்கெட் முடிந்தது என்று நினைத்தவர் உண்மையில் 85 சதவீதத்தில் நிற்கிறார். டிஸ்ட்ரிபியூட்டர் கம்பெனியிடம் எடுத்த சரக்கா, டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து கடைக்குப் போன சரக்கா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே மாதத்தில் ஒத்துப்போவது அபூர்வம்.

எனக்கு இந்தத் திட்டத்தில் ஆபத்தாகத் தெரிவது ஆக்சிலரேட்டர் அல்ல, 80 சதவீதக் கோடு. மாதக் கடைசி நாள் மாலை ஒருவர் 6,30,000 ரூபாயில் நிற்கிறார் என்று வையுங்கள். கமிஷன் பூஜ்யம். இன்னும் 15,000 ரூபாய்க்குப் பில் போட்டால் 6,45,000; கமிஷன் 6,450. பழகிய கடைக்காரரிடம் போய், "அண்ணாச்சி, ரெண்டு பெட்டி கூடப் போட்டுக்கிறேன், ஓடலேன்னா அடுத்த மாசம் எடுத்துக்கிறேன்" என்று சொல்லாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? கோட்டை அப்படி வரைந்த கம்பெனியே இதற்கு வழி வகுத்துவிட்டது.

அடுத்த மாதம் அந்தச் சரக்கு ரிட்டர்ன் வருகிறது. இங்கேதான் திட்டத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விதி பேசும். ரிட்டர்னைப் பழைய மாதத்தில் கழித்தால், அந்த மாதம் மறுபடி 6,30,000 ஆகிவிடும். கொடுத்த 6,450 ரூபாயும் முழுசாகத் திரும்பப் பிடிக்கப்படும். நடப்பு மாதத்தில் கழித்தால் கதை வேறு. அவர் இந்த மாதம் 8,30,000 விற்றிருந்தால் அது 8,15,000 ஆகும். இழப்பு வெறும் 300 ரூபாய். ஆனால் 6,50,000தான் விற்றிருந்தார் என்றால் 6,35,000 ஆகி, கோட்டுக்குக் கீழே இறங்கி, 6,500 ரூபாய் போய்விடும். அதே 15,000 ரூபாய் ரிட்டர்ன்தான்.

மாதக் கடைசி மூன்று நாளில் பில் குவிந்து, அடுத்த மாதம் முதல் வாரத்தில் கிரெடிட் நோட்டும் குவிந்தால், அந்த லைனில் சரக்கு விற்கவில்லை, கடையில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று மேனேஜருக்கு உடனே தெரிந்துவிடும். சில கம்பெனிகள் இதற்காகவே மாதக் கணக்கைக் காலாண்டுக் கணக்காக மாற்றுகின்றன. வேறு சில, 80 சதவீதத்தில் முழுக் கமிஷனையும் திறந்துவிடாமல் 60 சதவீதத்திலிருந்தே படிப்படியாக ஏற்றுகின்றன. பத்தாயிரம் ரூபாய் விற்பனைக்காக ஆறாயிரம் ரூபாய் கமிஷன் தொங்கும் நிலை அதில் வராது.

திட்டத்தாளில் கையெழுத்துப் போடும் முன் மேனேஜரிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியது அதிகமில்லை. உயர்ந்த விகிதம் எந்தத் தொகைக்கு? வரி சேர்ந்ததா, கழிந்ததா? ரிட்டர்ன் எந்த மாதத்தில் கழியும்? மேலே உச்சவரம்பு உண்டா? இந்த மாதம் 125 சதவீதம் செய்தால் அடுத்த மாத டார்கெட் அதற்கேற்ப ஏறுமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் பலருக்கு வாய்ப்பேச்சாகவே பதில் கிடைக்கும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னால், ஏறும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.