நூறு இருந்தும் முப்பதுதான் தெரிந்தது

2020-ஆம் ஆண்டு பேஸ்புக் ஆய்வாளர்கள், படத்தில் இருக்கும் பொருள்களைக் கண்டுபிடிக்கும் 'டெட்டர்' என்ற மாடலை வெளியிட்டார்கள். அதை ஓர் எளிய சோதனைக்கும் உட்படுத்தினார்கள். பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள் கொண்ட படம் ஒன்றில் ஒரே பொருளை ஒவ்வொரு கட்டமாக ஒட்டிக்கொண்டே போனார்கள். ஐம்பது கட்டங்கள் நிரம்பும்வரை மாடல் ஒன்றைக்கூட விடவில்லை. அதற்கு மேல் தடுமாறத் தொடங்கியது. நூறும் நிரம்பியபோது அது கண்டுபிடித்தது சராசரியாக 30.

அந்தப் படத்தில் எதுவும் எதையும் மறைக்கவில்லை, மங்கலும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்திருந்தால் விரல்வைத்து எண்ணி முடித்திருக்கும். அப்படியானால் ஐம்பதைச் சரியாகப் பார்த்த மாடல், நூறு வந்ததும் ஏன் முப்பதுக்கு இறங்கியது?

இந்த மாடல்கள் நாம் நினைக்கிற பொருளில் எண்ணுவதே இல்லை. ஒன்று, இரண்டு என்று இடம்விட்டு இடம் நகர்ந்து, எண்ணியதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும் வேலை அவற்றுக்குள் நடப்பதில்லை. முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பார்த்து, பொருள் இருப்பதாகத் தோன்றும் இடங்களில் பெட்டி வரைகின்றன. கடைசியில் பெட்டிகளைக் கூட்டினால் எண்ணிக்கை வந்துவிடும். கூட்டலில் தவறு நேர்வதில்லை. பெட்டி போடும் கட்டத்திலேயே ஆட்கள் விடுபட்டுப் போகிறார்கள். டெட்டருக்குப் பெட்டி போட நூறு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் அது கற்றுக்கொண்ட படங்களில் ஒரே பொருள் இவ்வளவு நெருக்கமாக நிறைந்திருந்தது மிக அரிது. பழகாத காட்சி வந்ததும் இருந்த இடங்களையும் அதனால் பயன்படுத்த முடியவில்லை.

சில மாடல்களில் இந்த உச்சவரம்பு வெளிப்படையாகவே தெரியும். 2016-இல் வந்த முதல் 'யோலோ' மாடல் எந்தப் படத்தையும் ஏழுக்கு ஏழாக 49 கட்டங்களாகப் பிரித்தது. கட்டத்துக்கு இரண்டு பெட்டிதான் போட முடியும். ஐந்நூறு பேர் நிற்கும் படத்தைக் கொடுத்தாலும் 98-க்கு மேல் பதில் வர வழியில்லை. பறவைக் கூட்டம் போலச் சிறியவை நெருங்கி இருந்தால் தங்கள் மாடல் திணறும் என்பதை அதை உருவாக்கியவர்களே தங்கள் கட்டுரையில் எழுதிவைத்தார்கள்.

பிறகு வந்த மாடல்களில் அந்த வரம்பு தளர்ந்துவிட்டது. ஆனாலும் கூட்டம் குறைந்தே தெரிவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. ஒரு மைதானத்தின் மேல்படியிலிருந்து செல்போனில் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 4000 பிக்சல். முன்வரிசைக்காரரின் தலை அதில் 200 பிக்சல் இருக்கும், கடைசி வரிசைக்காரரின் தலை 20 பிக்சல் இருக்கும். இந்தப் படத்தை அப்படியே மாடலுக்குக் கொடுப்பதில்லை. வேலை விரைவாக முடியவேண்டும் என்பதற்காக, வழக்கமாக 640 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குவார்கள். அதாவது ஆறேகால் மடங்கு சிறிதாகிறது. முன்வரிசைத் தலை 32 பிக்சலாகத் தப்பிக்கிறது. கடைசி வரிசைத் தலையோ மூன்று பிக்சல் புள்ளியாகிவிடுகிறது. இத்தகைய மாடல்களின் மிக நுண்ணிய கட்டம் பெரும்பாலும் எட்டு பிக்சல். அந்த ஒரே கட்டத்துக்குள் ஐந்தாறு தலைகள் விழுந்துவிடுகின்றன. மாடல் பார்க்கத் தொடங்கும் முன்பே அவர்கள் படத்திலிருந்து அழிந்துவிட்டார்கள்.

தெளிவாகத் தெரிபவர்களுக்கும் ஆபத்து உண்டு. ஒரே ஆள்மீது மாடல் பல பெட்டிகளைப் போட்டுவிடும் என்பதால், வரைந்து முடித்தபின் ஒரு களையெடுப்பு நடக்கும். இரண்டு பெட்டிகளுக்கும் பொதுவான பரப்பை, இரண்டும் சேர்ந்து அடைக்கும் மொத்தப் பரப்பால் வகுப்பார்கள். விடை பாதிக்கு மேல் போனால் இரண்டும் ஒரே ஆள் என்று கருதி, ஒன்றை நீக்குவார்கள். தோளோடு தோள் உரசி, ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கும் இருவரை இதில் போட்டுப் பாருங்கள். உயரமும் அகலமும் ஒன்று. பின்னால் நிற்பவர் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பக்கவாட்டில் வெளியே தெரிகிறார். பொதுப் பரப்பு மூன்றில் இரண்டு பங்கு, மொத்தப் பரப்பு மூன்றில் நான்கு பங்கு. வகுத்தால் சரியாகப் பாதி. இன்னும் சற்று உள்ளே நகர்ந்து நின்றால் அவருடைய பெட்டி போய்விடும். வரம்பை உயர்த்தி அவரைக் காப்பாற்றலாம். அப்போது வேறு யாரோ ஒருவர் இரண்டு பேராக எண்ணப்படுவார்.

இதனால்தான் கூட்டத்துக்கென்று வேறு வழியைத் தேடினார்கள். அதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1960-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், மாணவர் போராட்டக் கூட்டங்களை மதிப்பிட ஒரு முறையைக் கண்டார். கூட்டம் நிற்கும் இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் எத்தனை பேர் என்று பார்த்துப் பெருக்கினார். அடர்த்தி மாடல்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்கின்றன. அவை யாருக்கும் பெட்டி போடுவதில்லை. படத்தின் ஒவ்வொரு இடத்திலும் கூட்டம் எவ்வளவு நெருக்கம் என்று ஓர் எண்ணைத் தந்து, எல்லாவற்றையும் கூட்டுகின்றன. பெட்டிகளைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பிழை போய்விடவில்லை. 'ஷாங்காய்டெக்' என்ற புகழ்பெற்ற படத்தொகுப்பின் முதல் பகுதியில் ஒரு படத்துக்குச் சராசரியாக 501 தலைகள். 2016-இல் அந்தத் தொகுப்போடு வெளியான மாடல் படத்துக்குச் சராசரியாக 110 தலை பிசகியது. 2018-இல் வந்த ஒரு மாடல் அதை 68-ஆகக் குறைத்தது.

அடர்த்தி மாடலின் பிழை வேறு விதமானது. தூரத்துக் கூட்டம் அதற்கு முகங்களாகத் தெரிவதில்லை. பொடிப்பொடியான ஒரு சொரசொரப்பாகத் தெரிகிறது. மரத்தின் இலைகளும் அப்படித்தான் தெரியும். எனவே மைதான ஓரத்து மரத்தில் அறுபது பேரைக் கண்டுவிட்டு, இருளில் நிற்கும் அறுபது பேரை விட்டுவிட்டால், மொத்தம் கச்சிதமாகப் பொருந்தும். சரியான விடை, இரண்டு தவறுகளால் வந்தது என்பது வெளியே தெரியாது.

படத்தைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் சொல்லும் புதிய மாடல்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கண்ணுக்குத் தெரிவதோடு, கற்றுவைத்த பழக்கமும் அவற்றின் பதிலில் கலந்துவிடும். 2024-இல் ஆய்வாளர்கள் ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களை வரைந்து, எத்தனை என்று அத்தகைய மாடல்களைக் கேட்டார்கள். ஐந்து வட்டங்களுக்குச் சரியாக விடை சொன்ன மாடல், ஆறு இருந்தாலும் ஐந்து என்றே அடிக்கடி சொன்னது. ஒலிம்பிக் சின்னத்தின் ஐந்து வளையங்கள் மனப்பாடமாகிவிட்டதே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

ஒரு மாடல் தந்த எண்ணிக்கையை நம்பலாமா என்று பார்க்க, மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. படத்தை நான்காகவோ பதினாறாகவோ வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் மாடல் எத்தனை பேரைக் கண்டது என்று பார்க்கவேண்டும். முன்வரிசையிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று என மூன்று துண்டுகளைக் கையால் எண்ணி ஒப்பிட்டால், பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது புரியும். மரம் மட்டும் இருக்கும் துண்டுக்குப் பூஜ்யம் வருகிறதா என்பதையும் பார்த்துவிடலாம். முழுப் படத்தைச் சுருக்காமல், ஓரங்கள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று வரும்படி துண்டுகளாக்கி மாடலுக்குக் கொடுத்தால், மூன்று பிக்சலாகக் கரைந்துபோன கடைசி வரிசைத் தலைகளுக்கு அவற்றின் இருபது பிக்சலும் திரும்பக் கிடைக்கும். ஓரத்தில் இரண்டு துண்டுகளிலும் வந்துவிட்டவர்களை மட்டும் ஒருமுறை கழித்துவிடவேண்டும்.