படம் மட்டும் வந்தால்: ஒரு போஸ்டர், மூன்று வேலைகள்

பள்ளி ஆண்டு விழா நெருங்கும் நாட்களில் தமிழாசிரியர்களுக்கும் அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் போஸ்டர் படங்கள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் படம் மட்டும்தான் வரும். என்ன வேண்டும் என்று அனுப்பியவர் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார். பிழை திருத்தித் தர வேண்டுமா, வடிவமைப்பு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டுமா, வேறு மொழியில் எழுதித் தர வேண்டுமா? மூன்றும் வெவ்வேறு வேலைகள். பார்க்கும் முறையும் திருப்பித் தர வேண்டியதும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

படத்தையே உற்றுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கணினித் திரையைப் போனில் எடுத்த படம் என்றால் கடைக்காரர் இன்னும் அச்சுக்கு அனுப்பவில்லை. பிழை பார்க்கத்தான் அனுப்பியிருப்பார்கள். கயிறு கட்டிக் கேட்டில் தொங்கும் ஃப்ளெக்ஸ் என்றால் வேலை முடிந்துவிட்டது. அதில் நிறம் சரியில்லை என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. அனுப்பியவர் தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் அவருக்கு வேண்டியது செய்தி மட்டுமே. எதுவும் பிடிபடவில்லை என்றால், “டீச்சர், அச்சுக்குப் போயாச்சா, இன்னும் திருத்தலாமா?” என்ற ஒரே கேள்வி போதும். அதற்கு வரும் பதில் வேலையைப் பிரித்துக் காட்டிவிடும்.

ஒரு போஸ்டரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 6 அடிக்கு 4 அடி ஃப்ளெக்ஸ். மேலே விருந்தினர்களின் படங்கள். நடுவில் ‘ஆண்டு விழா’. அதன் கீழே இந்த வரிகள்:

நாள்: 13.02.2026, சனிக்கிழமை மாலை 4.30
முன்னால் மாணவர் சங்கம் வழங்கும் பரிசு பொருட்கள்
அனைவறையும் வருக வருக என அழைக்கிறோம்

முதலில் பிழை திருத்தம். ‘அனைவறையும்’ என்பது ‘அனைவரையும்’ என்று இருக்க வேண்டும். ‘முன்னால்’ என்றால் எதிரே, முன்புறம். படித்து முடித்துப் போனவர்கள் ‘முன்னாள்’ மாணவர்கள். ‘பரிசு பொருட்கள்’ என்பதில் ஒற்று மிகும். ‘பரிசுப் பொருட்கள்’ என்று வர வேண்டும். ஆனால் ‘பொருட்கள்’ என்பதைப் ‘பொருள்கள்’ என்று மாற்றச் சொல்லக் கூடாது. இரண்டு வடிவமும் வழக்கில் இருக்கின்றன. பிழைக்கும் தன் விருப்பத்துக்கும் உள்ள எல்லையைக் காப்பதுதான் மெய்ப்புப் பார்ப்பவரின் முதல் ஒழுங்கு. விருப்பங்களையும் பிழைப் பட்டியலில் சேர்த்தால், எதைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று கடைக்காரருக்குத் தெரியாமல் போய்விடும்.

எழுத்துப் பிழைகளைவிடப் பெரிய பிழை தேதி வரியில் இருக்கிறது. 13.02.2026 வெள்ளிக்கிழமை. தேதி தவறா, கிழமை தவறா? போஸ்டரைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. ஊகித்துக் கிழமையை மாற்றிக் கொடுத்தால், விழா உண்மையில் 14ஆம் தேதி சனிக்கிழமையாக இருக்கும்பட்சத்தில் ஊரே ஒரு நாள் முன்னால் வந்து நிற்கும். எனவே இதைத் திருத்தாமல், ‘தேதியும் கிழமையும் பொருந்தவில்லை, எது சரி?’ என்று கேள்வியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். விருந்தினர் பெயர், பட்டம், தொடர்பு எண் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். எண்ணில் பத்து இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கலாம். அது உரியவரின் எண்தானா என்பதைப் பள்ளிதான் உறுதிசெய்ய வேண்டும்.

தமிழில் இன்னொரு வகைப் பிழையும் உண்டு. ஆசிரியர் போனில் யூனிகோடில் சரியாகத் தட்டச்சு செய்து அனுப்பியிருப்பார். கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவோ, தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாத பழைய மென்பொருளோ இருக்கும். அங்கே ஒட்டியதும் ‘மேடை’யின் கொம்பு ‘ம’வுக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது தனிப் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். இல்லையென்றால் கடைக்காரர் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்வார். அப்போது புதுப் பிழைகள் நுழையும். கொடுத்த வரிகள் சரியாக இருந்தன என்பதால் போஸ்டரும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. வடிவமைத்து முடித்த பிறகும் ஒருமுறை, கொடுத்த வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படிக்கத்தான் வேண்டும்.

அடுத்து வடிவமைப்பு. இங்கே கேள்வி, ‘சாலையில் போகிறவர் கண்ணில் எது முதலில் படுகிறது?’ என்பது. போனில் பார்க்கும்போது விரலால் பெரிதாக்கிப் படித்துவிடுகிறோம். கேட்டுக்கு எதிரே நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. பெயர்ப் பலகை எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: வசதியாகப் படிக்க ஒவ்வொரு 10 அடி தூரத்துக்கும் எழுத்து சுமார் 1 அங்குல உயரம் வேண்டும். நம் போஸ்டரில் தேதி வரி 1 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 30 அடி தள்ளி பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெற்றோருக்கு அது சிரமம்தான். அதை 3 அங்குலமாக்க இடம் வேண்டும். அந்த இடத்தை மேலே இருக்கும் படங்களைச் சிறிதாக்கித்தான் எடுக்க முடியும். ‘அழகாக இல்லை’ என்று சொல்வதால் கடைக்காரர் எதையும் மாற்ற முடியாது. ‘படங்களைச் சிறிதாக்கித் தேதியை 3 அங்குலமாக்குங்கள்’ என்றால் உடனே செய்துவிடுவார்.

தமிழ் எழுத்துக்கென்று பார்க்க வேண்டியவையும் இருக்கின்றன. எழுத்தைச் சுற்றித் தடித்த வெள்ளைக் கோடு போட்டால் ண, ஞ போன்றவற்றின் சுழி அடைபட்டுப் போகும். வரிகளை நெருக்கினால் மேல் வரியின் ‘மூ’வின் கால் கீழ் வரியின் ‘றி’யின் விசிறியில் இடிக்கும். ஆனால் நிறத்தைப் பற்றி மட்டும் போன் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வெளிச்சம் நிறத்தை மாற்றிவிடும்; வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்; திரையில் பளிச்சிடும் நீலம் அச்சில் மங்கும். பிடிஎஃப் கோப்பை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிப் பார்ப்பதே முறை.

மூன்றாவது மொழிபெயர்ப்பு. இதிலேயே இரண்டு வகை. திருப்பூரில் வடமாநிலத்திலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தந்தை, பிள்ளை கொண்டுவந்த போஸ்டரைப் படம் எடுத்து அனுப்பினால், எந்த நாள், எத்தனை மணி, பெற்றோர் வர வேண்டுமா என்ற மூன்று விஷயங்களை அவர் மொழியில் சொன்னால் போதும். வரவேற்புரை யார், நன்றியுரை யார் என்று வரிவரியாகத் தர வேண்டியதில்லை. அதே போஸ்டரை ஆங்கிலத்திலும் அச்சிட வேண்டும் என்றால் எல்லா வரிகளும் வேண்டும். அப்போது தடுமாற வைப்பவை பெயர்கள். தமிழில் ‘பா. கணேசன்’ என்று இருந்தால் அந்த முன்னெழுத்து ஆங்கிலத்தில் P ஆகவும் இருக்கலாம், B ஆகவும் இருக்கலாம். தமிழ் எழுத்து அதைப் பிரித்துக் காட்டுவதில்லை. பெயருக்கு உரியவரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். மூலத்தில் தேதி தவறாக இருந்தால் மொழிபெயர்ப்பிலும் அது தவறாகவே போகும். அதனால் பிழை திருத்திய பிறகே மொழிபெயர்ப்பைத் தொடங்க வேண்டும்.

மூன்றும் தேவைப்பட்டாலும் ஒரே பார்வையில் செய்யக் கூடாது. நிறத்தையும் இடத்தையும் எடைபோடும் கண் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. ‘அனைவறையும்’ அதற்கு ஒரு வடிவம் மட்டுமே. முதலில் வரிகளைத் திருத்தி, பிறகு மொழிபெயர்த்து, அதன்பின் வடிவமைத்து, கடைசியாக இன்னொரு முறை மெய்ப்புப் பார்ப்பதே வரிசை. பதில் எழுதும்போதும் ‘கட்டாயம் மாற்ற வேண்டியவை’, ‘நீங்கள் உறுதிசெய்ய வேண்டியவை’, ‘என் யோசனை’ என்று தனித்தனியாகப் பிரித்து எழுதினால் கடைக்காரருக்கும் தலைமையாசிரியருக்கும் குழப்பம் வராது.

அனுப்புபவர் செய்ய வேண்டியது இதைவிட எளிது. படத்தின் கீழே ஒரே வரி: ‘இன்னும் அச்சாகவில்லை, எழுத்துப் பிழை மட்டும் பாருங்கள், இன்று மாலைக்குள் வேண்டும்.’ எந்த நிலையில் இருக்கிறது, என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன. கூடவே தட்டச்சு செய்த வரிகளையும் தனியாக அனுப்பினால், பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட்டு, பிழை பள்ளியில் நேர்ந்ததா கடையில் நேர்ந்ததா என்றும் சொல்லிவிடுவார்.