வெண்சூட்டுக்கு எவ்வளவு காற்று?

அடுப்பில் கிடக்கும் மரக்கரியை அப்படியே விட்டால் அது சிவந்து கனன்று, மேலே சாம்பல் பூத்து, மெல்ல அடங்கிவிடும். அந்தக் கனலுக்குள் ஓர் இரும்புக் கம்பியை எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் அது சிவப்பைத் தாண்டாது. அதே கரிக்கு அடியில் துருத்தியை வைத்து ஊதினால் சில நிமிடங்களில் கம்பி ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கண் கூசும் வெண்மைக்கு வந்துவிடுகிறது. கரிக்குள் இருந்த வெப்பத்தின் அளவு கூடவில்லை. அது வெளிவரும் வேகம் மட்டுமே கூடியிருக்கிறது.

கனன்றுகொண்டிருக்கும் கரி எரியத் தயாராகவே இருக்கிறது. அதற்குப் பற்றாமல் போவது ஆக்சிஜன். எரிந்த துண்டைச் சுற்றிக் கரியமில வாயு ஒரு போர்வையாகச் சூழ்ந்துகொள்கிறது. அது விலகிப் புதுக்காற்று வந்தால்தான் அடுத்த படலம் எரியும். துருத்தியின் வீச்சு அந்தப் போர்வையைக் கிழித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் புதுக்காற்றைக் கொண்டு சேர்க்கிறது.

அந்தக் காற்றின் அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். 1 கிலோ கரி முழுதாக எரிய ஏறத்தாழ 11 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். கன அளவில் சொன்னால் 9 முதல் 10 கன மீட்டர், அதாவது ஒரு சிறிய அறை நிறைய. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். மீதி பெரும்பாலும் நைட்ரஜன், எரிவதற்கு உதவாமல் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. ஓர் அழுத்துக்கு 20 லிட்டர் காற்றைத் தள்ளும் துருத்தியைக் கொண்டு மணிக்கு 2 கிலோ கரியை எரிப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்குக் கிட்டத்தட்ட 950 அழுத்து, நிமிடத்துக்குப் பதினாறு. தோலில் கசிவு இருந்தால் இன்னும் கூடும். பட்டறையில் சம்மட்டி அடிப்பவரைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். துருத்தியடியில் உட்கார்ந்திருப்பவரின் தோளுக்கும் அதற்குக் குறையாத வேலை உண்டு. பல ஊர்களில் அது கொல்லரின் மனைவியாகவோ பிள்ளையாகவோ இருந்ததால் அந்த உழைப்பு கணக்கில் ஏறாமலே போயிற்று.

இரும்பின் சூட்டைக் கொல்லர் நிறத்தைக் கொண்டு அளக்கிறார். மங்கிய சிவப்பு என்றால் 600 டிகிரி செல்சியஸை ஒட்டி, நல்ல செஞ்சிவப்பு என்றால் 800, ஆரஞ்சு 900க்கு மேல், மஞ்சள் 1,100, வெண்மை 1,300ஐ ஒட்டி. வெளிச்சத்தில் இந்த நிறங்கள் ஏமாற்றும். வெயிலில் செஞ்சூடு கறுப்பாகவே தெரியும். அதனால்தான் உலை இருக்கும் மூலையை இருட்டாக வைத்துக்கொள்கிறார்கள்.

சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு எளிதாக ஏறும் இரும்பு, அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் அடம்பிடிக்கும். சூடான பொருள் தன் வெப்பத்தைக் கதிராக வீசி இழக்கிறது. அந்த இழப்பு, சுழியத்துக்குக் கீழே 273 டிகிரியிலிருந்து எண்ணத் தொடங்கும் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்து உயரும். 900 டிகிரியில் இருக்கும் இரும்பையும் 1,300 டிகிரியில் இருக்கும் இரும்பையும் ஒப்பிட்டால், பின்னது மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தை வெளியே வீசுகிறது. அந்த ஓட்டையை ஈடுகட்டும் அளவுக்கு உலைக்குள் வெப்பம் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஊதுவது ஒரு கணம் தளர்ந்தாலும் இரும்பு வெண்மையை இழந்து மஞ்சளுக்கு இறங்கிவிடும்.

எனவே காற்று விட்டுவிட்டு வரக் கூடாது. ஒற்றைத் தோல் துருத்திக்கு இதுதான் குறை: அழுத்தும்போது காற்று வரும், விரிக்கும்போது நின்றுவிடும். நம் நாட்டில் ஆட்டுத்தோலை முழுதாக உரித்துச் செய்த துருத்தியில் வாய்ப்பக்கம் இரண்டு குச்சிகளைத் தைத்திருப்பார்கள். கையைத் தூக்கும்போது குச்சிகளை விரித்தால் காற்று உள்ளே போகும். மூடிக்கொண்டு அமுக்கினால் மறுமுனைக் குழாய் வழியே உலைக்குப் பாயும். விரியும் கையே இங்கே கதவு. இப்படி இரண்டு தோல்களை அருகருகே வைத்து, இடக்கையும் வலக்கையும் மாற்றி மாற்றி இயக்கினால் ஒன்று நிற்கும்போது மற்றது ஊதும்.

ஐரோப்பியக் கொல்லர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய பெரிய துருத்தியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அறைகள். கீழறையை இயக்கினால் காற்று ஒரு தோல் கதவைத் தள்ளிக்கொண்டு மேலறைக்குப் போகும். மேல்பலகையின் மீது வைத்த பாரம் அதை நிதானமாக உலைக்குள் அழுத்தும். கை மேலே போனாலும் கீழே வந்தாலும் காற்று ஒரே சீராக வரும். சீனர்களின் மரப்பெட்டித் துருத்தியில் உள்ளே ஒரு தட்டு முன்னும் பின்னும் ஓடும். இழுத்தாலும் தள்ளினாலும் காற்று. 1637இல் சோங் யிங்சிங் வெளியிட்ட தொழில்நூலில் இந்தப் பெட்டியின் படங்களைப் பார்க்கலாம். அதற்கு முன்பே, 1556இல் வெளியான அகிரிகோலாவின் சுரங்கத் தொழில் நூல், துருத்தி செய்யும் முறையைப் பலகை, தோல், கதவு என்று விரிவாக எழுதி வைத்திருக்கிறது.

காற்று நிறைய வந்தால் மட்டும் போதாது. அது கரிக்குள் எப்படிச் செலவாகிறது என்பதில்தான் வேலையின் நுட்பம் இருக்கிறது. குழாய் வாயை ஒட்டிய இடத்தில் ஆக்சிஜன் மிகுதி. அங்கே இரும்பை வைத்தால் இரும்பே எரியத் தொடங்கும். சற்று மேலே, ஆக்சிஜன் கிட்டத்தட்டத் தீர்ந்துபோகும் இடம்தான் உலையின் உச்சச் சூடு. அதற்கும் மேலே போனால் கரியமில வாயு மீண்டும் கனலும் கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. இந்த மாற்றம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கார்பன் பாதி எரிந்து மோனாக்சைடாக நின்றுவிட்டால், முழுதாக எரியும்போது கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. ஆனால் மேலடுக்கில் வரும் அந்த வாயு ஆக்சிஜனை இரும்பின் பக்கம் அண்டவிடாது என்பது ஒரு பெரிய நன்மை. ஆகவே குழாய் வாய்க்கும் இரும்புக்கும் இடையே அரைச் சாணுக்குக் குறையாமல் கனல் இருக்க வேண்டும். இரும்புக்கு மேலேயும் கரி மூடியிருக்க வேண்டும்.

ஒரு சங்கிலிக் கண்ணியை உலையிலேயே ஒட்டுவதை எடுத்துக்கொள்வோம். வெண்சூடு இல்லாமல் நடக்காத வேலை இது. விரல் பருமனுள்ள மென்னிரும்புக் கம்பியின் இரு முனைகளையும் சரிவாகத் தட்டி, வளைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைக்கிறார்கள். முதலில் செம்மஞ்சள் வரை காய்ச்சி, வெளியே எடுத்து, ஒட்ட வேண்டிய இடத்தில் வெங்காரப் பொடியைத் தூவுகிறார்கள். இரும்பின் மேல் படிந்த கருஞ்செதிலை அது கரைத்து, கண்ணாடிபோல் மூடி, காற்றுப் படாமல் காக்கும்.

கண்ணி திரும்ப உலைக்குள் போனதும், அனுபவமில்லாதவர் உடனே முழு வேகத்தில் ஊதத் தொடங்குவார். அப்படிச் செய்தால் மேல்தோல் வெண்மையாகிவிடும், உள்ளே இன்னும் ஆரஞ்சாகவே இருக்கும். மேலோட்டமாக ஒட்டிப் பிறகு பிரிந்துபோகும். எனவே முதலில் அடக்கி ஊதி, சூடு நடுவரை ஊற விட்டு, கண்ணியை ஒருமுறை திருப்பி வைத்து, அதன் பிறகுதான் ஊதலைக் கூட்டுகிறார்கள். மஞ்சள் வெளிறி வெண்மையாகும். மேற்பரப்பு ஈரம் பட்டதுபோல் பளபளக்கும். கரிக்கு நடுவிலிருந்து ஒன்றிரண்டு வெண்பொறிகள் கிளை பிரிந்து வெடிக்கும். கரித்துகள் பறப்பது வேறு. அது சிவப்பாக மிதந்து அணையும். இது இரும்பு எரியத் தொடங்கும் பொறி, எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதன் அடையாளம்.

அந்தக் கணத்தில் ஊதுவதை நிறுத்தி, குறட்டால் எடுத்து, பட்டறைக்கல்லில் ஒரு தட்டுத் தட்டிக் கசடை உதறிவிட்டு, வேகமாகவும் லேசாகவும் அடிக்கிறார்கள். முதல் சில விநாடிகள்தான் கெடு. கல் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் சம்மட்டியைத் தேடும் நேரம்கூடக் கிடையாது. ஓங்கி அடித்தால் இளகிய முனைகள் ஒன்றையொன்று விட்டு வழுக்கிவிடும். ஒட்டியிருந்தால் கண்ணி முழுக்க ஒரே நிறத்தில் ஆறும். ஒட்டாத இடத்தில் ஒரு கறுத்த கோடு தெரியும்.

பொறிகள் மத்தாப்பாகக் கொட்டும்வரை விட்டுவிட்டால் அந்தத் துண்டு போனதுதான். ஆக்சிஜன் இரும்பின் மணிகளுக்கு இடையே புகுந்துவிட்டிருக்கும், அடித்தால் உதிரும். திரும்பக் காய்ச்சினாலும் சரியாகாது, வெட்டி எறிய வேண்டியதுதான். கார்பன் மிகுந்த எஃகு இன்னும் முன்னதாகவே, 1,200 டிகிரியை ஒட்டியே கெட்டுவிடும். எனவே எஃகுக்கு வெண்மை வரை போகாமல் மஞ்சளிலேயே நிறுத்துகிறார்கள்.

மரக்கரிக்குப் பதில் நிலக்கரி என்றால் ஊதும் கை மாற வேண்டும். மரக்கரி லேசானது, அழுத்தமாக ஊதினால் துண்டுகளே பறக்கும். அதற்கு அழுத்தம் குறைந்த, அளவு கூடிய காற்று. நிலக்கரி கனமானது, வலுவான வீச்சைத் தாங்கும். ஆனால் முதலில் மஞ்சள் புகையாக வரும் வாயுக்களெல்லாம் வெளியேறிக் கல்கரி ஆன பிறகே அதில் இரும்பை வைக்க வேண்டும். நிலக்கரியிலுள்ள கந்தகம் ஒட்டைக் கெடுத்துவிடும். அதன் சாம்பல் உருகிக் குழாய் வாயில் கிட்டமாகப் படியும். எவ்வளவு ஊதியும் நடுவில் ஒரு மங்கல் திட்டு தெரிந்தால் அடியில் கிட்டம் அடைத்திருக்கிறது என்று பொருள். ஊதலைச் சற்று நிறுத்தி அதை இறுக விட்டு, கொக்கியால் பெயர்த்து எடுப்பார்கள்.

நிலக்கரி உலையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஊதாமல் விட்டிருக்கும் நேரத்தில் எரியும் வாயுக்கள் குழாய் வழியே பின்னோக்கி வந்து துருத்திக்குள் தங்கலாம். அடுத்த அழுத்தில் அவை தீப்பிடித்தால் துருத்தி வெடித்துத் தோல் கிழியும். அதனால் இடைவேளையிலும் அவ்வப்போது ஓர் அழுத்துக் கொடுப்பார்கள், அல்லது முனையைக் குழாயிலிருந்து விலக்கி வைப்பார்கள்.

இப்போது பெரும்பாலான பட்டறைகளில் கைச்சக்கர ஊதியோ மின் ஊதியோதான். மின் ஊதி களைப்பதில்லை என்பதே அதன் தொல்லை: இரும்பு கல்லின்மேல் அடிவாங்கும்போதும் அது உலையில் ஊதிக்கொண்டே இருக்கும், கரி வீணாகும், உள்ளே காத்திருக்கும் அடுத்த துண்டு எரியும். குழாயில் ஒரு தகட்டுக் கதவைப் பொருத்தி, காலால் திறந்து மூடும்படி செய்துகொண்டால் துருத்திக்காரரின் கை செய்த வேலை திரும்பக் கிடைக்கும். ஐந்தாறு கண்ணி ஒட்டும் ஒரு காலைப்பொழுதில் மிச்சமாகும் கரியே அந்தத் தகட்டின் செலவைக் காட்டிக்கொடுத்துவிடும்.